மேசை விளக்குக்கு ஒரு 30 விநாடி வீடியோ: பிரீஃபிலிருந்து கெடு தேதி வரை

ஒரு பிராண்டின் படிப்பு விளக்குக்காகச் செய்த யுஜிசி வீடியோ வேலை இது. கேமரா முன் நின்ற நேரம் மொத்தம் மூன்று மணி நேரம்கூட இருக்காது. அதற்கு முன்னும் பின்னும் நடந்த கடிதப் போக்குவரத்துதான் பெரிய வேலை. அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதி வைக்கிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. யுஜிசி என்றால் பொருளை வாங்கிய ஒருவர் தன் போனில் எடுத்தது போன்ற தோற்றத்தில் பிராண்டுக்காகச் செய்து தரும் வீடியோ. நான் அதை என் பக்கத்தில் போடுவதில்லை. எனக்கு எத்தனை ஃபாலோயர் என்று யாரும் கேட்பதும் இல்லை. கோப்பை ஒப்படைத்துவிட்டால் அவர்கள் தங்கள் பக்கத்தில் போடுவார்கள், அல்லது காசு கட்டி விளம்பரமாக ஓட்டுவார்கள். ஆக நான் விற்பது இரண்டு சரக்கு. ஒன்று, வீடியோ செய்கிற உழைப்பு. மற்றொன்று, என் முகமும் குரலும் உள்ள அந்த வீடியோவைப் பயன்படுத்திக்கொள்ளும் அனுமதி. முதல் சில வேலைகளில் இரண்டாவதை இலவசமாகவே கொடுத்துக்கொண்டிருந்தேன். கொடுக்கிறேன் என்பதே அப்போது தெரியாது.

பிரீஃப் வந்தது

பிராண்ட் தனக்கு என்ன வேண்டும் என்று எழுதி அனுப்பும் குறிப்புதான் பிரீஃப். இது ஒன்றரைப் பக்கம். யூஎஸ்பியில் சார்ஜ் ஏறும், மேசை விளிம்பில் கவ்விக்கொள்ளும் விளக்கு. மூன்று நிற ஒளி, தொட்டுத் தொட்டுக் கூட்டிக் குறைக்கும் வெளிச்சம், வளைகிற கழுத்து. செங்குத்து வீடியோ, 30 விநாடி, ஒரே உடலுக்கு மூன்று ஹூக். ஹூக் என்பது விரலைத் தள்ளவிடாமல் நிறுத்துகிற முதல் மூன்று நான்கு விநாடி. உடல் என்பது அதற்குப் பின் வரும் மீதி வீடியோ. ஒரே வீடியோவுக்குப் பல ஹூக் கேட்பதற்குக் காரணம் உண்டு. விளம்பரம் ஓட்டுகிறவர்கள் மூன்றையும் சின்னத் தொகையில் ஓடவிட்டு, எதில் ஆட்கள் நிற்கிறார்களோ அதற்கு மட்டும் பணத்தைக் கூட்டுவார்கள்.

பிரீஃபைப் படிக்கும்போது நான் தேடுவது, இதில் என் வாயால் சொல்ல வேண்டிய வாக்கியம் எது என்பதை. நான்கு இருந்தன. மூன்றில் சிக்கல் இல்லை: கவ்வி உறுதியானது, கழுத்து வளைத்த இடத்தில் நிற்கும், பக்கத்தில் தூங்குகிறவருக்குத் தொந்தரவு இல்லாமல் படிக்கலாம். நான்காவது: "துளியும் துடிப்பு இல்லாத ஒளி, மணிக்கணக்கில் படித்தாலும் கண் வலிக்காது." அதன் கீழே கோடு போட்டு நகர்ந்தேன். பொருள் கைக்கு வராமல் அந்த வரிக்குச் சரி சொல்ல முடியாது.

கடைசியில் இரண்டு வரி, "பயன்பாடு: அனைத்து டிஜிட்டல் தளங்கள். ரா ஃபுட்டேஜ் சேர்த்து அனுப்பவும்." ரா ஃபுட்டேஜ் என்றால் வெட்டித் தொகுக்காத மூலப் பதிவுகள். நாள் கணக்கு இல்லை. இதைப் பிறகு பார்ப்போம்.

விளக்கு வந்ததும் ஐந்து இரவு அதன் கீழேயே படித்தேன். இது நேர்மைக்காக மட்டும் செய்வதில்லை. "இதை நான் பயன்படுத்தினேன்" என்று கேமராவில் சொல்லிவிட்டுப் பெட்டியை அன்றுதான் பிரித்திருந்தால், அது பொய்ச் சான்று. பல நாடுகளில் விளம்பர விதிகளின்படியே அது தவறு. போதாததற்கு, பயன்படுத்தினால்தான் சொல்வதற்கு ஏதாவது கிடைக்கிறது. கவ்வி உறுதியாக இருந்தது, ஆனால் தடிமனான மேசையில் நுழையவில்லை. கழுத்து முழு நீளத்துக்கு நீட்டினால் மெல்லத் தலை குனிந்தது, பாதி வளைவில் அசையாமல் நின்றது. இவை பிரீஃபில் இல்லை. ஆனால் எந்த ஷாட்டை எந்த மேசையில், எந்த வளைவில் எடுக்க வேண்டும் என்பதை இவைதான் முடிவு செய்தன.

கோடு கோடாக ஒரு மேசை

முதல் நாள் ஜன்னல் ஓரம் மேசையைப் போட்டு, பகல் வெளிச்சத்தில் ஆரம்பித்தேன். போனின் பின்பக்கக் கேமரா, 1x லென்ஸ், 4கே, விநாடிக்கு 30 ஃபிரேம். வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தைக் கூடுதலாகப் பதிவு செய்யும் எச்டிஆர் வசதியை அணைத்துவிட்டேன். எச்டிஆரில் எடுத்ததை வேறு ஒருவரின் எடிட்டிங் மென்பொருள் சரியாகக் கையாளாவிட்டால் முகம் வெளுத்துப்போய்க் கிடக்கும்.

விளக்கு முழு வெளிச்சத்தில் இருக்கும்வரை எல்லாம் ஒழுங்கு. வெளிச்சத்தைக் குறைத்துக் காட்டும் ஷாட்டில், புத்தகப் பக்கத்தின் மேல் கறுப்பு வரிகள் ஊர ஆரம்பித்தன. அகலமான, மங்கலான பட்டைகள், மேலிருந்து கீழாக மெதுவாக நகர்ந்தன. வெறும் கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. திரையில் மட்டும்.

காரணம் எளிதுதான். விலை குறைந்த எல்இடி விளக்குகள் பலவற்றில், வெளிச்சத்தைக் குறைப்பது என்றால் மின்னோட்டத்தைக் குறைப்பது அல்ல. விளக்கை விநாடிக்கு நூற்றுக்கணக்கான, சிலவற்றில் ஆயிரக்கணக்கான தடவை அணைத்து அணைத்துப் போடுவது. அணைந்திருக்கும் பங்கு கூடினால் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும். முழு வெளிச்சத்தில் அணைப்பதே இல்லை, அதனால் அங்கே பட்டையும் இல்லை. போன் கேமரா படத்தை ஒரே அடியில் எடுப்பதில்லை, வரி வரியாகப் படிக்கிறது. விளக்கு அணைந்த கணத்தில் படிக்கப்பட்ட வரிகள் கறுத்துப்போகின்றன.

அப்படியானால் இரவில் எடுத்தால் பட்டை குறைவாகத் தெரிய வேண்டும் என்று தோன்றியது. இது முதலில் கேட்கத் தலைகீழாகத்தான் இருக்கும். பகலில் ஜன்னல் வெளிச்சம் அதிகம். போன் கேமராவில் துவாரத்தின் அளவு பொதுவாக மாறாது. அதனால் போன் தானாகவே ஷட்டரை வேகமாக்குகிறது, ஒரு விநாடியில் ஐந்நூறில் ஒரு பங்கு, அதற்கும் கீழே. அந்தக் குட்டி நேரத்தில் விளக்கு ஒரு தடவை எரிந்து அணைவதற்குள் வரி படிக்கப்பட்டுவிடுகிறது. ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருந்தால் பல எரிதல்களும் அணைதல்களும் ஒரே வரிக்குள் கலந்து சமமாகிவிடும்.

திரைச்சீலையை மூடினேன். ஷட்டரைக் கையால் நிறுத்தி வைக்க விடும் கேமரா செயலி ஒன்றில் 1/60-இல் பூட்டினேன். படத்தின் வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும் ஐஎஸ்ஓ அளவை அடிமட்டத்துக்கு இறக்கினேன். பட்டைகள் கிட்டத்தட்ட மறைந்தன. நடு வெளிச்சத்தில் சுத்தமாக இல்லை. மிகக் குறைந்த வெளிச்சத்தில் மட்டும் உற்றுப் பார்த்தால் நிழல் போல ஏதோ நெளிந்தது. அந்த அளவை வீடியோவில் காட்டாமல் விட்டுவிட முடிவு செய்தேன்.

ஆனால் கோடு போட்டு வைத்த அந்த நான்காவது வரி இப்போது என்னைப் பார்த்துச் சிரித்தது. "துளியும் துடிப்பு இல்லாத ஒளி." துடிப்பதைத்தான் இவ்வளவு நேரம் மறைத்துக்கொண்டிருந்தேன். உறுதிப்படுத்த ஒரு பென்சிலைக் குறைந்த வெளிச்சத்தில் விளக்கின் கீழே வேகமாக விசிறினேன். துடிக்காத ஒளியில் பென்சில் ஒரே மங்கலாகத் தெரியும். இங்கே விசிறி மடிப்பு போலத் தனித்தனிப் பென்சில்களாகத் தெரிந்தது.

பட்டை தெரியும் கிளிப்பை இணைத்து பிராண்டுக்கு எழுதினேன். "குறைந்த வெளிச்சத்தில் விளக்கு துடிக்கிறது, கேமராவில் பதிகிறது. இந்த வரியை என்னால் சொல்ல இயலாது. கண் வலிக்காது என்பதும் மருத்துவ உறுதிமொழி போல ஒலிக்கிறது. 'ஐந்து இரவு இதன் கீழே படித்தேன், எனக்கு வெளிச்சம் உறுத்தவில்லை' என்று சொல்கிறேன், அது உண்மை." அரை நாள் பதில் இல்லை. அப்புறம் "கண்ணுக்குத் தெரியாத அளவுதான் என்று தொழிற்சாலை சொல்கிறது. ஆனாலும் உங்கள் வரியையே வைத்துக்கொள்ளலாம்" என்று வந்தது. சண்டை ஒன்றும் இல்லை. அவர்கள் எழுதிய பிரீஃபைவிட அவர்கள் எளிமையானவர்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறார்கள்.

படப்பிடிப்பு

எடுப்பதற்கு முன் ஸ்கிரிப்டை அனுப்பி ஒப்புதல் வாங்கிவிட்டேன். எடுத்த பிறகு "பிராண்ட் பெயரை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்" என்று வந்தால் மேசை, சட்டை, முடி எல்லாவற்றையும் திரும்ப அதே மாதிரி வைத்து எடுக்க வேண்டும்.

மூன்று ஹூக்கும் உடலும் ஒரே உட்காரலில் எடுக்கப்பட்டன. முதல் ஹூக்கில் பேச்சே இல்லை. இருட்டான அறை, புத்தகத்தை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோகிறேன், ஒரு தொடுதல், வெளிச்சம். இரண்டாவது: "பக்கத்தில் ஒருவர் தூங்குகிறார், எனக்கு இன்னும் இருபது பக்கம் பாக்கி." மூன்றாவது: "இதன் கழுத்தை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்புகிறேன், பாருங்கள்." மூன்றுக்கும் அடுத்து உடலின் முதல் வாக்கியம் ஒன்றுதான்: "இந்தக் குட்டி விளக்கைத்தான் இப்போது மேசையில் மாட்டியிருக்கிறேன்." எந்த ஹூக்கிலிருந்து வந்தாலும் அது ஒட்ட வேண்டும். இதற்காகவே ஒவ்வொரு ஹூக்கையும் சொல்லி முடித்த கையோடு அந்த வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்லி எடுத்தேன். தனியாக எடுத்து ஒட்டினால் குரலின் ஏற்றம் இடறும்.

விளக்கைப் படம் எடுப்பதில் இன்னொரு தொல்லை, அதன் தலை ஃபிரேமுக்குள் வந்தவுடன் போன் பயந்து எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். ஒளி அளவைப் புத்தகப் பக்கத்தில் பூட்டினேன். விளக்கின் தலையைக் கேமராவுக்கு முதுகு காட்டும்படி கொஞ்சம் திருப்பினேன். முகம் பாதி நீலமும் பாதி மஞ்சளுமாக வந்ததற்கு ஜன்னலும் விளக்கும் வெவ்வேறு நிற ஒளி என்பதே காரணம். திரைச்சீலையை மூடியது அதையும் சேர்த்துத் தீர்த்துவிட்டது. வொயிட் பேலன்ஸையும் பூட்டி வைத்தேன், இல்லாவிட்டால் டேக்குக்கு டேக் தோலின் நிறம் மாறும்.

பட்டனைத் தொடும் க்ளோஸ் அப்பில் படம் சட்டென்று குதித்து நிறம் மாறியது. ரொம்பக் கிட்டே போனதும் போன் தானாகவே அகல லென்ஸுக்குத் தாவியிருந்தது. கிட்டே போவதற்குப் பதில் ஒரு முழம் பின்வாங்கி 2x-இல் எடுத்ததும் சரியானது.

ஒலியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சட்டைக் காலரில் சின்ன மைக், மின்விசிறி நிறுத்தம், எதிர்ச் சுவரில் ஒரு போர்வை.

எடிட்டில் இரண்டு விஷயம் மட்டும். எழுத்துகளை நடுவில் வைத்தேன். ரீல்ஸ் விளம்பரத்துக்கு மேலே 14 சதவீதம், கீழே 35 சதவீதம், பக்கங்களில் 6 சதவீதம் காலியாக விடச் சொல்கிறது மெட்டா, ஏனென்றால் அங்கெல்லாம் பெயரும் பட்டனும் உட்காரும். கீழே மூன்றில் ஒரு பங்கு என்பது நிறைய இடம். விளக்கை மேசையில் கீழே வைத்திருந்த ஒரு அழகான ஷாட்டை இதனால் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. அடுத்தது, இசை போடாமல் கொடுத்தேன். செயலியில் எல்லோரும் போடுகிற பாட்டுக்குத் தனிமனிதர் பதிவில் அனுமதி இருக்கும், விளம்பரத்தில் இருக்காது. வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி உள்ள இசையை அவர்களே அவர்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

காசு

எந்தப் பணத்தில் எழுதினாலும் படிப்பவருக்குப் பொருந்தாது. அதனால் என் அடிப்படைக் கட்டணத்தை 100 என்று வைத்துக்கொள்கிறேன். அதற்குள் அடங்குவது: ஒரு 30 விநாடி வீடியோ, ஒரு ஹூக், ஒரு முறை எடிட் திருத்தம், பிராண்டின் சொந்தப் பக்கத்தில் காசு கட்டாமல் பதிவிடும் அனுமதி. கூடுதல் ஹூக் ஒன்றுக்கு 20. காசு கட்டி விளம்பரமாக ஓட்டினால் 30 நாளுக்கு 30. ரா ஃபுட்டேஜ் 50. கால வரம்பே இல்லாத விளம்பர அனுமதி 200. இவை என் கணக்கு, வேறு ஆள் வேறு மாதிரி போடுவார்.

"அனைத்து டிஜிட்டல் தளங்கள்" என்ற அந்த வரிக்கு எதிராக நான்கு கேள்வி அனுப்பினேன். உங்கள் பக்கத்தில் மட்டுமா, விளம்பரமாகவுமா? விளம்பரம் என்றால் எத்தனை நாள்? ரா ஃபுட்டேஜ் எதற்கு? வீடியோவை வெட்டி, வேறு எழுத்து போட்டுப் பயன்படுத்துவீர்களா?

பதில் வந்தது: விளம்பரமாகத்தான், நாள் யோசிக்கவில்லை, ரா ஃபுட்டேஜ் "எதற்கும் இருக்கட்டும்", வெட்டலாம். கேட்டபடியே கொடுத்தால் 100, இரண்டு கூடுதல் ஹூக்குக்கு 40, ரா ஃபுட்டேஜுக்கு 50, கால வரம்பில்லாமைக்கு 200, ஆக மொத்தம் 390. இதை அப்படியே எழுதி அனுப்பினேன், கீழேயே இன்னொரு கணக்கும் போட்டேன்: 100, 40, 60 நாள் விளம்பரத்துக்கு 60, மொத்தம் 200. ஓடினால் நீட்டித்துக்கொள்ளுங்கள், ஓடாவிட்டால் நின்றுபோன வீடியோவுக்கு ஆயுள் சந்தா எதற்கு? இரண்டாவதைத்தான் எடுத்தார்கள்.

ரா ஃபுட்டேஜை மலிவாகக் கொடுக்காததற்குக் காரணம் இருக்கிறது. அதில் நான் தடுமாறிய டேக்குகள், பாதிச் சிரிப்பு, சொல்லாமல் விட்ட வாக்கியங்கள் எல்லாம் உண்டு. அதிலிருந்து இன்னும் ஐந்து விளம்பரம் வெட்டி எடுக்கலாம். ஐந்து வேலையின் மூலப்பொருளை ஒரு வேலையின் விலைக்குக் கொடுப்பது கட்டாது.

என் கணக்கின் பெயரிலேயே விளம்பரம் ஓட்ட அனுமதி தரும் ஏற்பாடும் உண்டு. கேட்டார்கள், இந்த வேலைக்கு வேண்டாம் என்றேன். அது என் பெயரையும் சேர்த்து வாடகைக்கு விடுவது. அதற்குத் தனிக் கணக்கு.

பாதிப் பணம் முன்பணம். நீர்க்குறி போட்ட சின்னக் கோப்பைக் காட்டி ஒப்புதல் வந்தது. மீதிப் பணம் வந்ததும் முழுத் தரக் கோப்பு. அதையும் வாட்ஸாப்பில் அனுப்பாமல் டிரைவ் இணைப்பாகக் கொடுத்தேன், வாட்ஸாப் வீடியோவை நசுக்கிவிடும்.

அனுமதி பற்றிய பத்தி இரண்டே வாக்கியம். "விளம்பரம் முதலில் ஓடிய நாளிலிருந்து 60 நாள், மெட்டா தளங்களில் மட்டும். நீளத்தைக் குறைக்கலாம், பேச்சின் பொருளை மாற்றக்கூடாது." எழுதியபோது நன்றாகத்தான் இருந்தது.

74-ஆவது நாள்

மெட்டாவின் ஆட் லைப்ரரி எல்லோருக்கும் திறந்திருப்பது. பிராண்டின் பெயரைப் போட்டால் இப்போது ஓடுகிற விளம்பரங்களும் அவை ஆரம்பித்த தேதியும் தெரியும். நாள்காட்டியில் 60-ஆவது நாளைக் குறித்து வைத்திருந்தேன், ஆனால் பார்க்க மறந்து இரண்டு வாரம் கழித்துத்தான் போனேன். இரண்டாவது ஹூக் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அது மட்டும் என்றால் பரவாயில்லை. என் நெற்றிக்கு மேலே புதிதாக ஒரு எழுத்து: "துடிப்பே இல்லாத ஒளி!"

வாயால் சொல்ல மறுத்த வரியை என் முகத்தின் மேலேயே ஒட்டியிருந்தார்கள். பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

கோபத்தில் எழுதியதை அழித்துவிட்டு, திரைப் பிடிப்பும் தேதியும் இணைத்து, இரண்டு கோரிக்கை மட்டும் எழுதினேன். எழுத்தை எடுங்கள். 60 நாளைத் தாண்டியதற்கு அடுத்த 30 நாள் கட்டணமான 30-ஐக் கொடுங்கள், 90-ஆவது நாள்வரை ஓட்டிக்கொள்ளுங்கள். இரண்டு நாளில் எழுத்து போனது, அந்த வாரமே பணம் வந்தது. விசாரித்ததில், எனக்குக் கடிதம் எழுதுகிறவர் வேறு, விளம்பரம் ஓட்டுகிறவர் வேறு. பின்னவர் வெளியே ஒரு ஏஜென்சியில் இருக்கிறார். ஒப்பந்தத்தை அவர் பார்த்ததே இல்லை. நன்றாக ஓடிய விளம்பரத்தை நகல் எடுத்து, பழைய பிரீஃபில் கிடந்த வரியை மேலே போட்டுத் திரும்ப ஓடவிட்டிருக்கிறார். அவர் கைக்கு என்னிடமிருந்து போனது ஒரே ஒரு பொருள், `final_hook2.mp4`.

என் இரண்டு வாக்கியத்தின் ஓட்டைகளும் அப்போதுதான் தெரிந்தன. "பொருளை மாற்றக்கூடாது" என்பது பேச்சுக்கு மட்டும், மேலே ஒட்டும் எழுத்துக்கு இல்லை. "முதலில் ஓடிய நாளிலிருந்து" என்றால் அந்த நாளை நான்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். நகல் எடுத்த விளம்பரத்துக்கோ புதிய ஆரம்பத் தேதி வேறு. இப்போது அந்தப் பத்தியில், என் படத்தின் மேல் வரும் எந்த எழுத்தும் ஒப்புதல் பெற்ற ஸ்கிரிப்டில் இருப்பதாக இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்ந்திருக்கிறது. நாள் எண்ணிக்கைக்குப் பதிலாகக் காலண்டர் தேதியே எழுதுகிறேன். ஒப்படைப்பிலிருந்து ஒரு வாரம் ஏற்பாட்டுக்கு விட்டு, அதிலிருந்து 60 நாள் எண்ணி.

கோப்பின் பெயரையும் மாற்றிவிட்டேன். போன வாரம் ஒரு தண்ணீர் பாட்டில் பிராண்டுக்குக் கொடுத்தது இப்படி:

```
bottle_hook1_meta-ads_till-30-Sep_no-added-text.mp4
```

இணைப்பைத் திறந்த ஏஜென்சிக்காரர் அரை மணி நேரத்தில் நேராக எனக்கே எழுதினார்: "செப்டம்பர் 30-க்குப் பிறகு வேண்டுமென்றால் யாரிடம் கேட்பது?"